ஊர் நினைப்புக்கு ஒரு வரி: வெளிநாடு போன பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

படிப்புக்கும் வேலைக்குமாக நான் ஜெர்மனிக்கு வந்து வருடங்கள் ஓடிவிட்டன. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அவ்வப்போது பழைய தமிழ் வரி ஒன்றை எழுதி அனுப்புவது எப்படியோ என் வழக்கமாகிவிட்டது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். ஊக்கமூட்டும் பொன்மொழிகள் வேறு எங்கும் தாராளமாகக் கிடைக்கும். இங்கே இருப்பவை யார், யாரிடம், எந்த நிலையில் சொன்னது என்று தெரிந்த வரிகள் மட்டும்.

"அக்கா, ஊருக்கே திரும்பிடலாமான்னு தினமும் ராத்திரி தோணுது. காலையில, படிப்பை முடிக்காம எப்படிப் போறதுன்னு தோணுது. இதுக்கு ஏதாவது வரி இருக்கா?"

இருக்கிறது. இதற்கென்றே எழுதியது போல இருக்கிறது. நற்றிணை 284-ஆம் பாடல்.

பொருள் தேடி வெளியூர் போன ஒருவன், வேலை பாதியில் இருக்கும்போது தனக்குள் பேசிக்கொள்கிறான். அவன் நெஞ்சு, 'செல்லல் தீர்கம், செல்வாம்' என்கிறது. இங்கே 'செல்லல்' என்றால் துன்பம். இந்தத் துன்பம் தீரட்டும், வா, போய்விடலாம் என்று நெஞ்சு இழுக்கிறது. அறிவு வேறு பேசுகிறது. எடுத்த வேலையை முடிக்காமல் விட்டுப் போனால் அறியாமையோடு இகழ்ச்சியும் வந்து சேரும், 'சிறிதுநனி விரையல்', கொஞ்சம் பொறு, அவசரப்படாதே என்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது உடம்பு:

> ஒளிறுஏந்து மருப்பின் களிறு மாறுபற்றிய
> தேய்புரிப் பழங்கயிறு போல,
> வீவதுகொல் என் வருந்திய உடம்பே

ஒளிவிடும் கொம்புள்ள இரண்டு யானைகள் ஒன்றுக்கொன்று எதிராகப் பிடித்து இழுக்கின்றன. இழுபடுவதோ புரி தேய்ந்த பழைய கயிறு. அதைப் போல அறுந்துபோகத்தான் போகிறதா என் உடம்பு என்று கேட்கிறான்.

இந்த உவமை எவ்வளவு பேர்பெற்றது என்றால், பாடியவருடைய சொந்தப் பெயரே நமக்குக் கிடைக்கவில்லை. 'தேய்புரிப் பழங்கயிற்றினார்' என்று கயிற்றை வைத்தே அவரைக் குறிக்கிறோம்.

முதல் டிசம்பரில் என் ஆய்வு வேலை நின்றுபோயிருந்தது. மாலை நான்கரைக்கெல்லாம் இருட்டிவிடும். ஒவ்வொரு இரவும் சென்னைக்கு விமான டிக்கெட் என்ன விலை என்று பார்ப்பேன், பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் போடும் பக்கம் வரை போவேன், அப்புறம் மூடிவிடுவேன். அப்போது தோழி ஒருத்தி இந்தப் பாட்டை அனுப்பினாள். பாட்டு எந்தத் தீர்வும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. நெஞ்சு சொல்வதில் நியாயம் இருக்கிறது, அறிவு சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, நடுவில் கயிறு தேய்கிறது, அவ்வளவுதான். எனக்கு அதுதான் உதவியது. 'என்னால் முடியவில்லை' என்று என்னையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்தவள், 'ஓ, இழுபறி நடக்கிறது' என்று பார்க்கத் தொடங்கினேன்.

அனுப்புவதாக இருந்தால் கடைசி மூன்று வரியை மட்டும் அனுப்பாதீர்கள். நெஞ்சும் அறிவும் பேசுவதைச் சேர்த்துச் சொல்லுங்கள். தனியாக நிற்கும் கயிறு, பார்ப்பவரைக் கலங்க வைத்துவிடும்.

"எல்லாரும் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்'னு அனுப்புறாங்க. சத்தியமா எனக்கு ஆறுதலே வரல. என்கிட்டதான் ஏதாவது கோளாறா?"

உங்களிடம் கோளாறு இல்லை. அனுப்புகிறவர்கள் முதல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். ஊர் நினைப்பில் இருப்பவரிடம் 'எல்லாம் உன் ஊர்தான்' என்றால், 'இல்லையே' என்றுதான் மனது சொல்லும். பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் கேளிர் இல்லை என்று உங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

கணியன் பூங்குன்றனாரின் புறநானூறு 192-ஆம் பாடல் வெளியூர் போகிறவரை வழியனுப்பும் பாட்டே அல்ல. அடுத்த வரியைப் பாருங்கள்: 'தீதும் நன்றும் பிறர்தர வாரா'. நமக்கு வரும் கெட்டதும் நல்லதும் பிறர் கொடுத்து வருவதில்லை. அதற்கடுத்து, 'நோதலும் தணிதலும் அவற்றோ ரன்ன', நோவதும் நோவு தணிவதும் அப்படித்தான். சாவும் புதிது அல்ல என்கிறார். வாழ்வது இனிது என்று துள்ளவும் இல்லை, வெறுப்பில் இது கசப்பு என்று சொல்லவும் இல்லை என்கிறார். இது குதூகலமான உலகக் குடிமகனின் குரல் இல்லை. நிறையப் பார்த்துவிட்டு அமைதியான ஒருவரின் குரல்.

உங்களுக்கு வேண்டிய வரி நடுவில் இருக்கிறது. மின்னலோடு மழை கொட்டி, பாறைகளில் மோதி இரைந்து ஓடும் பேராறு. அதில்

> நீர்வழிப் படூஉம் புணைபோல் ஆருயிர்
> முறைவழிப் படூஉம்

புணை என்றால் தெப்பம். முறை என்றால் இங்கே ஊழ். ஆறு போகிற வழியில் தெப்பம் போவது போல உயிர் ஊழின் வழியில் போகிறது என்கிறார். இன்னொரு நகரத்துக்கு வந்து சேர்ந்ததில் நம் திட்டம் பாதி, எங்கே இடம் கிடைத்தது என்பது மீதி என்று உணர்ந்தவர்களுக்கு இந்த வரி நெருக்கமாக இருக்கும்.

கடைசி வரிகளுக்கும் இங்கே வேலை உண்டு. 'பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.' பெரியவர்களைப் பார்த்து வாய்பிளப்பதும் இல்லை, சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை. வகுப்பில் எல்லோரும் தன்னைவிடப் பெரிய ஆட்கள் என்று ஒடுங்கிப்போயிருந்த ஒரு பையனுக்கு இதை அனுப்பினேன். முதல் வரியைவிட இது அவனுக்குப் பிடித்திருந்தது.

"அப்பா அடிக்கடி 'திரைகடல் ஓடியும் திரவியம் தேடு'ன்னு அனுப்புறார். இது சங்கப் பாட்டா? நான் பதிலுக்கு என்ன அனுப்ப?"

சங்கப் பாட்டு இல்லை. சங்க காலத்து ஔவைக்குப் பல நூற்றாண்டு பிந்திய ஔவையார் பெயரில் வழங்கும் கொன்றை வேந்தனில் வருவது. அந்த நூல் அகர வரிசையில் போகும். 'த'வில் தொடங்கும் வரி, அப்புறம் 'தா', அப்புறம் 'தி' என்று. அதனால் இந்த வரிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று யோசித்தாலே பதில் கிடைத்துவிடும்:

> தந்தை சொல் மிக்க மந்திரம் இல்லை
> தாயிற் சிறந்தொரு கோயிலும் இல்லை
> திரைகடல் ஓடியும் திரவியம் தேடு

அப்பா, அம்மா, அப்புறம்தான் கடல். மூன்றையும் வரிசையாக எழுதி அனுப்புங்கள். வீட்டில் அன்று சண்டை வராது.

"போன்ல அம்மா முதல்ல கேக்கறது 'சாப்பிட்டியா'. சில நாள் பொய்தான் சொல்றேன். இதையும் யாராவது பாடியிருக்காங்களா?"

பாடியிருக்கிறார்கள், அதுவும் அம்மாவின் பக்கத்திலிருந்து. போதனார் பாடிய நற்றிணை 110.

கல்யாணமாகிப் போன மகளைப் பற்றி வளர்த்தவள் சொல்வது. சின்ன வயதில் அந்தப் பெண்ணுக்குத் தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்திக்கொண்டு செவிலியர் பின்னாலேயே ஓடுவார்களாம். சிறுகோல் ஒன்றைக் கையில் வைத்து 'குடி' என்று மிரட்டுவார்கள். அவள் சிலம்பு ஒலிக்கப் பந்தலுக்குள் ஓடி ஒளிவாள். நரைத்த கூந்தல் கிழவிகள் ஓடி ஓடிக் களைத்துப் போவார்கள். பால் குடிக்க மறுத்த அந்த விளையாட்டுப் பெண்ணுக்கு இவ்வளவு அறிவும் ஒழுக்கமும் எங்கிருந்து வந்தன என்று தாய் வியக்கிறாள். ஏன் வியப்பு?

> கொண்ட கொழுநன் குடிவறன் உற்றெனக்
> கொடுத்த தந்தை கொழுஞ்சோறு உள்ளாள்,
> ஒழுகுநீர் நுணங்குஅறல் போலப்
> பொழுதுமறுத்து உண்ணும் சிறுமதுகையளே

போன இடத்தில் வறுமை. ஆனாலும் அப்பா வீட்டுக் கொழுஞ்சோற்றை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஒரு பொழுது விட்டு ஒரு பொழுது சாப்பிடுகிறாள். ஓடும் நீரில் மணல் வரிவரியாக, விட்டு விட்டுப் படிந்திருக்குமே, அதுதான் 'நுணங்கு அறல்'. சாப்பாடும் அப்படி இடைவெளி விட்டு வருகிறது.

மகள் ஏழ்மையை மறைத்தாள், தாய்க்கு அது தெரிந்தே இருக்கிறது. நீங்கள் சொல்லும் பொய்யும் அந்தப் பக்கம் தெரிந்துதான் இருக்கும். இந்தப் பாட்டை அம்மாவுக்கு அனுப்பாதீர்கள், அடுத்த வாரமே கூரியரில் பார்சல் வரும். உங்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு அனுப்பக் குறுந்தொகை 167 இருக்கிறது. கூடலூர் கிழார் பாடியது. 'முளிதயிர் பிசைந்த காந்தள் மெல்விரல்' என்று தொடங்கும். புதிதாகச் சமைக்கக் கற்ற பெண் கட்டித்தயிரைக் கையாலேயே பிசைகிறாள், அந்த விரலை உடுத்திய சேலையில் துடைத்துக்கொள்கிறாள், துவைக்காமல் அதையே உடுத்தியிருக்கிறாள், தாளித்த புகை கண்ணில் ஏறுகிறது. அவள் துழாவிச் சமைத்த 'தீம்புளிப் பாகர்' புளிக்குழம்பைக் கணவன் இனிது என்று உண்கிறான், அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலி இதைத் தாயிடம் சொல்கிறாள். புகை அலாரம் அலறாமல் முதல்முறை குழம்பு வைத்த அன்று, சட்டியைப் படம் எடுத்து 'குய்ப்புகை கழும' என்று எழுதி அனுப்புங்கள். குய் என்றால் தாளிப்பு.

"பனி, குளிர், கையில காசு இல்ல, வேலையும் கிடைக்கல. யாராவது இந்த நிலைமையில இருந்திருக்காங்களா?"

சத்திமுத்தப் புலவர் இருந்திருக்கிறார். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், பட்டீஸ்வரத்தை ஒட்டி இருக்கிறது சத்திமுத்தம். அந்த ஊர்க்காரர், வறுமை தாங்காமல் பாண்டியனிடம் பரிசு கேட்டு மதுரைக்குப் போனார். போன இடத்தில் ஒன்றும் நடக்கவில்லை. வாடைக்காற்று அடிக்கிறது, மேலே போர்த்தத் துணி இல்லை. அப்போது மேலே பறந்த ஒரு நாரையைப் பார்த்துப் பாடியதுதான் அந்தத் தனிப்பாடல்:

> நாராய் நாராய் செங்கால் நாராய்
> பழம்படு பனையின் கிழங்கு பிளந்தன்ன
> பவளக் கூர்வாய்ச் செங்கால் நாராய்

பனங்கிழங்கைப் பிளந்தது போன்ற அலகு. கையில் ஒன்றும் இல்லாதவன் பறவையின் அலகைப் பார்க்கிறான், அது கிழங்காகத் தெரிகிறது. பசியில் இருப்பவன் பார்வை அது என்று நான் நினைத்துக்கொள்வேன், உரைகாரர்கள் என்ன சொன்னாலும்.

நாரையிடம் வழி சொல்கிறார். நீயும் உன் மனைவியும் தெற்கே குமரியில் நீராடிவிட்டு வடக்கே திரும்பினால், எங்கள் ஊர்ச் சத்திமுத்தத்துக் குளத்தில் தங்குங்கள். அங்கே மழையில் நனைந்த சுவர் உள்ள ஒரு வீடு இருக்கும். கூரையில் பல்லி சத்தமிடும். அந்தச் சத்தம் நல்ல சகுனமா என்று என் மனைவி காத்துக்கொண்டிருப்பாள், 'கனைகுரற் பல்லி பாடு பார்த்திருக்கும் எம் மனைவி'. அவளிடம் போய்ச் சொல்லுங்கள்:

> ஆடையின்றி வாடையின் மெலிந்து
> கையது கொண்டு மெய்யது பொத்திக்
> காலது கொண்டு மேலது தழீஇப்
> பேழையுள் இருக்கும் பாம்பென உயிர்க்கும்
> ஏழை யாளனைக் கண்டனம் எனுமே

கையால் உடம்பைப் பொத்திக்கொண்டு, காலை மடக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, பெட்டிக்குள் சுருண்ட பாம்பு போல மூச்சு விடும் ஏழையைப் பார்த்தோம் என்று சொல்லுங்கள்.

ஹீட்டர் வேலை செய்யாத ஓர் இரவில் நான் சரியாக இதே மாதிரிதான் உட்கார்ந்திருந்தேன். கையது கொண்டு மெய்யது பொத்தி. அவர் 'நன்றாக இருக்கிறேன் என்று சொல்' என்று நாரையிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. உள்ளதை உள்ளபடி சொல்லி அனுப்புகிறார். நகரசோதனைக்கு வந்த பாண்டியன் இதைக் கேட்டுத் தன் மேலாடையைப் போட்டுவிட்டுப் போனான், பிறகு அழைத்துப் பரிசும் கொடுத்தான் என்று கதை வழங்குகிறது.

படம் போட்டுப் பகிர்வதானால் முதல் மூன்று வரி போதும். நெருங்கிய ஒருவரிடம் நிலைமையைச் சொல்ல வேண்டும், வாய் வரவில்லை என்றால் 'பேழையுள் இருக்கும் பாம்பு' என்ற மூன்று சொல் போதும். பாட்டு தெரிந்தவர் உடனே கூப்பிடுவார்.

"லீவுக்கு ஊருக்குப் போனேன். பத்தே நாள்ல இங்க திரும்பணும்னு இருந்தது. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. துரோகமா இது?"

கபிலரைக் கேட்டால் சிரிப்பார். ஐங்குறுநூறு 203:

> அன்னாய் வாழிவேண் டன்னை நம்படப்பைத்
> தேன்மயங்கு பாலினும் இனிய அவர்நாட்டு
> உவலைக் கூவல் கீழ
> மானுண்டு எஞ்சிய கலிழி நீரே

அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள் மகள். அவள் போய் வாழும் மலைநாடு எப்படி என்று கேட்கிறார்கள். நம் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட அவர் நாட்டுத் தண்ணீர் இனிது என்கிறாள். எந்தத் தண்ணீர்? தழை விழுந்து கிடக்கும் கிணற்றின் அடியில், மான் குடித்தது போக மிஞ்சிய கலங்கல் தண்ணீர். அது சுத்தமான நீர் என்று அவள் பொய் சொல்லவே இல்லை. கலங்கல் என்று தெரியும், தழை கிடக்கிறது என்று தெரியும், ஆனாலும் இனிது.

நற்றிணையின் அந்தப் பெண்ணும் பாலை மறுத்து ஓடினாள், இந்தப் பெண்ணும் பாலைவிடக் கலங்கல் நீர் மேல் என்கிறாள். பாவம் அம்மாக்கள், இவ்வளவு தேனும் பாலும் கலக்கி என்ன பயன்.

"எந்த வரியைப் போடக் கூடாது?"

தவறான வரி என்பதைவிட, நம் நிலைமைக்குப் பெரிதான வரி என்று இரண்டைச் சொல்வேன்.

ஒன்று, பாரி மகளிர் பாடிய புறநானூறு 112, 'அற்றைத் திங்கள் அவ்வெண் ணிலவில்'. பௌர்ணமி இரவில் பால்கனியில் நின்று படம் எடுத்து இதைப் போடுகிறார்கள். 'எந்தையும் உடையேம், எம் குன்றும் பிறர்கொளார்' என்று போன மாத நிலவைச் சொல்லிவிட்டு, இந்த மாதம் அதே நிலவில் வேந்தர்கள் எங்கள் குன்றையும் கொண்டார்கள், 'யாம் எந்தையும் இலமே' என்று முடிக்கிறார்கள். அப்பா கொல்லப்பட்டு, மலை பறிபோன பெண்களின் பாட்டு. நமக்கு ஊர் அப்படியே இருக்கிறது, அப்பா போன் எடுப்பார். போரில் வீட்டை இழந்து ஈழத்திலிருந்து வந்த ஒருவர் நம் நண்பர் பட்டியலில் இருக்கலாம். அவருக்கு இந்தப் பாட்டு வேறு மாதிரி கேட்கும். அவரே அதைப் போட்டால் அது அவருடைய பாட்டு.

இன்னொன்று, பிஜித் தீவின் கரும்புத் தோட்டங்களில் மாட்டிக்கொண்ட பெண்களைப் பற்றிப் பாரதியார் பாடியது. 'நாட்டை நினைப்பாரோ? எந்த நாளினிப் போயதைக் காண்பதென்றே அன்னை வீட்டை நினைப்பாரோ?' என்று கேட்டு, அவர்கள் விம்மி அழும் குரலை நீ கேட்டிருப்பாயே என்று காற்றிடம் பேசுகிறார். ஊர் ஏக்கத்துக்குத் தமிழில் இதைவிடக் கனமான வரி அபூர்வம். ஆனால் அவர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள். படித்துப் பாருங்கள், மனப்பாடம்கூடச் செய்யுங்கள். காபி கோப்பைப் படத்துக்கு அடியில் மட்டும் வேண்டாம்.

"வர்ற ஃபார்வர்டு உண்மையான குறளா, உண்மையான சங்கப் பாட்டான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

குறளுக்குச் சின்னக் கணக்கு ஒன்று உண்டு. மேல் அடியில் நான்கு சீர், கீழ் அடியில் மூன்று சீர். எண்ணிப் பாருங்கள். வெளிநாடு போகிறவர்களுக்கு அடிக்கடி வரும் 397-ஆம் குறளையே எடுத்துக்கொள்வோம்:

> யாதானும் நாடாமால் ஊராமால் என்னொருவன்
> சாந்துணையுங் கல்லாத வாறு

மேலே யாதானும், நாடாமால், ஊராமால், என்னொருவன் என்று நான்கு. கீழே சாந்துணையுங், கல்லாத, வாறு என்று மூன்று. சரி. நான்கும் நான்கும் வந்தாலோ, நீளமாக வழிந்தாலோ, வள்ளுவர் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அது குறள் இல்லை.

கணக்குச் சரியாக வந்தால் மட்டும் போதாது, எண்ணையும் பாருங்கள். குறள்கள் மொத்தம் 1330, அதிகாரத்துக்குப் பத்து. 397 என்றால் 40-ஆவது அதிகாரம், கல்வி. ஆக இது பயணத்தைப் பற்றிய குறளே அல்ல. கற்றவனுக்கு எந்த நாடும் தன் நாடு, எந்த ஊரும் தன் ஊர், பிறகு ஏன் ஒருவன் சாகும்வரை கல்லாமல் கிடக்கிறான் என்று திட்டுகிறது. மேல் அடியை மட்டும் வெட்டி அனுப்புகிறவர்கள் திட்டை விட்டுவிடுகிறார்கள். தேர்வுக்கு முந்தைய நாள் முழுக் குறளும் அனுப்பலாம்.

சங்கப் பாட்டு என்றால் தொகை நூலின் பெயரும் பாடல் எண்ணும் கேளுங்கள். 'சங்க இலக்கியம்' என்று மட்டும் போட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்திலும் மதுரைத் திட்டத்திலும் மூலப் பாடல்கள் கிடைக்கின்றன. தேடும்போது முழு வரியைப் போட்டால் பெரும்பாலும் அகப்படாது. பதிப்புக்குப் பதிப்பு சந்தி பிரிப்பது மாறும், ஒன்றில் 'தேய்புரிப் பழங்கயிறு', இன்னொன்றில் சேர்ந்தோ ஒற்று இல்லாமலோ இருக்கும். 'பழங்கயிறு' மாதிரி உடையாத ஒரு சொல்லை மட்டும் போட்டுத் தேடுங்கள்.

"உயிர்த் தோழன் கனடாவுல, நான் சிங்கப்பூர்ல. ரெண்டு வருஷமா நேர்ல பார்க்கல. அவனுக்கு ஒரு வரி?"

குறள் 785:

> புணர்ச்சி பழகுதல் வேண்டா உணர்ச்சிதான்
> நட்பாங் கிழமை தரும்

அருகில் இருப்பதும் அடிக்கடிப் பழகுவதும் வேண்டாம், ஒத்த உணர்வு இருந்தால் அதுவே நட்பின் உரிமையைத் தரும். இதற்குக் கோப்பெருஞ்சோழனையும் பிசிராந்தையாரையும் உதாரணம் சொல்வார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. சோழன் வடக்கிருந்து, அதாவது வடக்கு நோக்கி உண்ணாமல் அமர்ந்து, உயிர் விடத் துணிந்தபோது, ஆந்தை வருவார், அவருக்கு இடம் வையுங்கள் என்றான். வந்தார். குறளை அனுப்புங்கள். கதை எப்படி முடிந்தது என்று அவன் கேட்டால் போனில் சொல்லிக்கொள்ளலாம்.

"தம்பி அடுத்த மாசம் முதல் தடவையா வெளிநாடு போறான். பெட்டிக்குள்ள ஒரு சீட்டு எழுதி வைக்கணும். எந்த வரி எழுத?"

பழமொழி நானூற்றில் ஒரு வெண்பா:

> ஆற்றவும் கற்றார் அறிவுடையார், அஃதுடையார்
> நாற்றிசையும் செல்லாத நாடில்லை, அந்நாடு
> வேற்றுநாடு ஆகா; தமவேயாம்; ஆயினால்
> ஆற்றுணா வேண்டுவது இல்

நன்றாகக் கற்றவர் போகாத நாடு இல்லை, போன நாடு அவருக்கு அந்நிய நாடும் இல்லை. அதனால் 'ஆற்றுணா வேண்டுவது இல்'. ஆற்றுணா என்றால் வழிச்சோறு, கட்டுச்சோறு. கற்றவனுக்குப் போகிற இடத்தில் சோறு கிடைக்கும், மூட்டை கட்ட வேண்டாம் என்பதுதான் கடைசி அடியில் வரும் பழமொழி.

இதை அம்மா பெட்டி அடுக்கும்போது படித்துக் காட்டாதீர்கள். சீட்டில் எழுதி, பருப்புப்பொடி, இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல் டப்பாக்களுக்கு அடியில் வையுங்கள். போய் இறங்கி மூன்றாம் நாள், பொடி டப்பாவைத் தேடிக் கையை விடும்போது அது தானாக அவன் கையில் வரும்.